சாப்பிடவே இல்லை, சர்க்கரை மட்டும் 290

"ஆத்தாவுக்கு 64 வயது. மூன்று நாளாக ஃப்ளூ காய்ச்சல். அரை டம்ளர் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. சாப்பிடாததால் நேற்று சர்க்கரை மாத்திரைகளையும் இரவு போடும் 14 யூனிட் கிளார்ஜின் ஊசியையும் நிறுத்திவிட்டோம். இன்று காலை பார்த்தால் 290. வழக்கமாகக் காலையில் டாபாகிளிஃப்ளோசின் 10, இரண்டு வேளை கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை. மெடிக்கலில் காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கே வந்து டிரிப்ஸ் போடவும் ஆள் இருக்கிறது. போடலாமா?"
– வாசகர், காரைக்குடி

மாத்திரைகளை நிறுத்தியது சரி. ஊசியை நிறுத்தியதுதான் தவறு. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கும். நீங்கள் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள்.

காய்ச்சல் வந்தால் உடம்பு சாப்பாட்டுக்காகக் காத்திருப்பதில்லை. ஈரல் தன்னிடம் இருக்கும் சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் கொட்டுகிறது. இரவு ஊசி ஈரலின் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான், சோற்றுக்காக அல்ல. எனவே இன்றிரவு வழக்கமான நேரத்தில் 14 யூனிட் போடுங்கள். நேற்று விட்டதையும் சேர்த்து 28 போட்டுவிடக் கூடாது. படுக்கப்போகும்போது சர்க்கரை 120-க்குக் கீழே இருந்து, அன்று முழுக்க ஒன்றும் இறங்காமலும் இருந்தால், உங்கள் மருத்துவரைப் போனில் கேட்டு ஐந்தில் ஒரு பங்கு குறைக்கலாம், அதாவது 11 யூனிட். பூஜ்யம் என்ற அளவு மட்டும் கிடையாது.

கலப்பு மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு, சாப்பாடு உள்ளே போகிறதா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைப் பிழிந்து சர்க்கரையை இறக்கிவிடும். மெட்ஃபார்மினோ உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகம் வழியாக வெளியேறாமல் தேங்கும். இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்து, அட்டையின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் பெயர் போட்டிருப்பதால், எதை நிறுத்துகிறோம் என்றே வீட்டில் தெரிவதில்லை. மாதாமாதம் மாத்திரை கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, காய்ச்சல் வந்தால் எதை நிறுத்துவது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதித் தர மட்டும் நேரமில்லை.

டாபாகிளிஃப்ளோசின் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் மருந்து. சாப்பாடும் இல்லை, ஊசியும் இல்லை என்றால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது கீட்டோன் என்ற அமிலம் சேரும். சாதாரணமாக இந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று ஏறி நம்மை எச்சரிக்கும். இந்த மாத்திரை சாப்பிட்டவருக்கு அது 180, 200 என்றே நிற்கலாம். மீட்டரைப் பார்த்து "பரவாயில்லை, இறங்கிவிட்டது" என்று நிம்மதியடையும் நேரத்தில் உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். நிறுத்திய பின்னும் சில நாள் இதன் வேலை தொடரும் என்பதால், நேற்றே நிறுத்திவிட்டோமே என்றும் இருந்துவிட முடியாது. ஆகவே இன்றே சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை ஒரு டப்பா வாங்குங்கள். அதே பட்டையில் சர்க்கரைக்கும் ஒரு கட்டம் இருந்தால் அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அது எப்போதும் நிறம் மாறித்தான் இருக்கும். கீட்டோன் இரண்டு பிளஸ் காட்டினாலோ, வயிற்றுவலி, வாந்தி, ஓடி வந்தவர் போல மூச்சு வாங்குதல் இருந்தாலோ, சர்க்கரை எவ்வளவு என்று பார்க்காமல் கிளம்புங்கள். போன இடத்தில் "டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சர்க்கரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள்: காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு 2 மணிக்கும் ஒருவர் எழுந்துதான் ஆக வேண்டும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். குளுக்கோஸ் பொடியோ பழச்சாறோ ஒட்டிய விரல் பொய்யாக 300 காட்டும். நேரம், சர்க்கரை, குடித்த அளவு, சிறுநீர் போன நேரம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறியுங்கள். மருத்துவர் கேட்பது இதைத்தான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு அரை டம்ளருக்குக் குறையாமல், முடிந்தால் முக்கால் டம்ளர், வாய்வாயாக உள்ளே போக வேண்டும். இதய, சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. எதைக் குடிப்பது என்பதை மீட்டர் சொல்லட்டும். 250-க்கு மேல் என்றால் வெந்நீர், உப்புப் போட்ட நீர்மோர், தெளிந்த மிளகு ரசம். 150-க்குக் கீழே வந்து சோறும் இறங்கவில்லை என்றால் கஞ்சி, இளநீர். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வாந்தி, பேதி இருந்தால் ஓ.ஆர்.எஸ். தாராளமாகக் கொடுக்கலாம், 200 மில்லியில் மூன்று கிராம் குளுக்கோஸ்கூட இல்லை. ஆனால் அட்டைப்பெட்டியில் ஸ்ட்ராவோடு வரும் ஆரஞ்சு, ஆப்பிள் ருசிப் பானத்தை அதே பெயர் சொல்லித் தலையில் கட்டுவார்கள். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் என்று போட்ட பொடிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த 'செட்'. வெள்ளைக் காகிதத்தில் மடித்து, அட்டையிலிருந்து வெட்டிய, பெயர் தெரியாத மாத்திரைகள் என்றால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். அதில் பெரும்பாலும் பொடி சைஸில் ஒரு ஸ்டீராய்டு இருக்கும். போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சலும் உடம்புவலியும் விட்டு ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார், கடைக்காரருக்குக் கைராசி என்று பெயர் வரும். சாயங்காலம் சர்க்கரை 400-ஐத் தொடும். கூடவே இருக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை, நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். பாராசிட்டமால் 650 ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் போகாமல் போதும்.

டிரிப்ஸும் வேண்டாம். வாயால் குடிக்க முடிந்தவருக்கு அது தேவையே இல்லை. வீட்டுக்கு வருபவர் தொங்கவிடுவது பெரும்பாலும் டி.என்.எஸ்.; 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ், ஐந்து டீஸ்பூன், நேராக நரம்பில். 290-க்கு மேல் அதையும் ஏற்றுவானேன்? அந்தக் காசில் இரண்டாவது டப்பா ஸ்ட்ரிப் வாங்கலாம். ஃப்ளூவுக்கு என்றே இருக்கும் ஒசெல்டாமிவிர், காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். சர்க்கரை உள்ளவருக்குத் தாமதமானாலும் மருத்துவர் எழுதித் தரக்கூடும். ஆன்டிபயாடிக்கைக் கேட்காமலே நீட்டும் ஊரில், இதைத்தான் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

அடுத்தடுத்து இரண்டு முறை 300-க்கு மேல், குடித்ததெல்லாம் வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கூப்பிட்டால் அரைகுறையாகக் கண் திறக்கிறார், விரல் மீட்டரில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டு வேளை வழக்கமான அளவு சாப்பிட்டு அது வயிற்றில் தங்கினால் கலப்பு மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம். டாபாகிளிஃப்ளோசின் கடைசியாக வர வேண்டியது. ஒன்று, இரண்டு நாள் முழுதாகச் சாப்பிட்டு, குடித்து, கீட்டோன் பட்டையும் நிறம் மாறாமல் இருந்த பிறகு.