பழைய இனிஷியல்தான் மெய்டன் நேமா? கேள்வி பதில்

கல்யாணத்துக்கு முன்னாடி எம். கவிதா, இப்போ எஸ். கவிதா. என் பேர் மாறவே இல்லையே, அக்கா? அமெரிக்க விசா படிவத்தில் மெய்டன் நேம் பற்றிக் கேட்கிறதுக்கு என்ன போட?

மெய்டன் நேம் என்றால் கல்யாணத்துக்கு முன் Surname ஆக இருந்த பெயர். உங்களைக் கூப்பிடுகிற பேர் மாறவில்லை, ஆவணத்தில் மாறியிருக்கிறது. இனிஷியலை விரித்துப் பாருங்கள். எம் என்பது அப்பா முருகேசன், எஸ் என்பது கணவர் செந்தில் என்று வைத்துக்கொள்வோம். பழைய பாஸ்போர்ட்டில் Surname என்ற இடத்தில் முருகேசனும், புதியதில் செந்திலும் இருந்தால், படிவத்தைப் பொறுத்தவரை உங்கள் மெய்டன் நேம் முருகேசன்தான். DS-160 என்கிற அந்த அமெரிக்க விசா படிவத்தில் வேறு பெயர் எதையாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று வரும். "ஆம்" சொல்லி, பழைய பெயரை முழுசாகக் கொடுங்கள். இல்லையென்று விட்டால், டிகிரி சான்றிதழில் இருக்கும் எம். கவிதா யாரென்று நேர்காணலில் விளக்க வேண்டிவரும்.

ஆங்கிலேயர் வீட்டில் Surname என்பது தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர். நமக்கோ அது அப்பாவின் சொந்தப் பெயர். உங்கள் அண்ணன் மகளுக்குக்கூட முருகேசன் வராது. ஆனால் படிவம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை, பழைய பதிவில் என்ன எழுத்து இருந்தது என்றுதான் பார்க்கிறது.

கல்யாணமானால் கணவர் பேரைச் சேர்த்தே ஆகணும், அதுதான் சட்டம். பாஸ்போர்ட்லயே கணவர் பேர் கேட்கிறாங்களே?

கேட்கிறார்கள் என்பது சரி. அது கணவர் யாரென்று பதிய, தனி இடத்தில். உங்கள் பெயரை மாற்றச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. பான் அட்டை விண்ணப்பத்தில் கல்யாணமான பெண்ணிடமும் அப்பா பெயரைத்தான் கேட்கிறார்கள்.

எனக்கு Surname காலி. விசாவில் பேருக்குப் பதில் FNU-ன்னு வந்திருக்கு. திருத்தச் சொல்லலாமா?

அது பிழையில்லை. First Name Unknown, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்தான் FNU. Surname காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் Surname ஆகிவிடும், Given Name இடத்தில் FNU நிற்கும். பிறகு அங்கே எடுக்கும் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு வரை அது தொடரக்கூடும். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதனால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே அப்பா பெயரோ கணவர் பெயரோ ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். எது என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால், படிப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகும் அப்பா பெயரையே வைப்பேன்.

அப்போ விமான டிக்கெட்ல எப்படிப் போடணும்?

ஒரே விதி கிடையாது. சில நிறுவனங்கள் பெயரையே இரண்டு இடத்திலும் போடச் சொல்லும், சில FNU கேட்கும். பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்திடமே கேளுங்கள்.

பேங்க்ல அம்மாவோட மெய்டன் நேம் கேட்டாங்க. பொறந்த வீட்டுல கூப்பிடுற பேர்னு நெனச்சு "பாப்பாத்தி"ன்னு எழுதிட்டேன். தப்பா தம்பி?

நான் தம்பியில்லை, அக்காதான்! அவர்கள் கேட்டது உங்கள் அம்மாவின் அப்பா பெயரை, அதாவது தாத்தா பெயரை. ஆனால் பாதுகாப்புக் கேள்வியென்றால் பயமில்லை, மறுபடி கேட்கும்போது அதே எழுத்துகளில் "பாப்பாத்தி" என்று சொன்னால் போதும். விசா, பாஸ்போர்ட் படிவத்தில் மட்டும் அப்படி எழுதாதீர்கள்.