ஒரே ஒரு 0.1 விட்டுப்போனதால் வந்த பத்து மடங்கு பிழை

கேள்வி: காய்ச்சாத பாலில் பாக்டீரியா எண்ணிக்கை காணும் செய்முறைத் தேர்வு. நான்காவது டியூபிலிருந்து, அதாவது 10⁻⁴ நீர்ப்பிலிருந்து, 0.1 மில்லி எடுத்து அகார் மேல் பரப்பியதாகக் கணக்கு கொடுத்திருந்தார்கள். இரண்டு தட்டுகளில் 64, 72 காலனிகள். சராசரி 68, ஆகவே 6.8 × 10⁵ என்று எழுதினேன். பத்து மடங்கு குறைவு என்று மதிப்பெண்ணை வெட்டிவிட்டார்கள். நோட்ஸில் இருந்த சூத்திரப்படிதானே போட்டேன்? அடுத்த மாதம் மறுதேர்வு.

பதில்: தேர்வாளர் செய்தது சரி. உங்கள் நோட்ஸ்தான் தவறு. ஜெராக்ஸ் கடைகளில் விற்கும் செய்முறைப் பதிவேடுகள் பலவற்றில் "காலனி எண்ணிக்கை × நீர்ப்புக் காரணி" என்று மட்டும் இருக்கும். தட்டில் 1 மில்லி விட்டு அதன் மேல் அகாரை ஊற்றும் முறைக்கு அது பொருந்தும். பரப்பும் முறையில் தட்டுக்குப் போவது 0.1 மில்லிதான். எங்கிருந்தோ நகல் எடுத்து விற்பவருக்கு இந்த வித்தியாசம் பற்றிக் கவலை கிடையாது, அட்டையை மாற்றி மறுபடி விற்றுவிடுவார். காசு கொடுத்து வாங்கிய மாணவர்தான் மதிப்பெண்ணை இழக்கிறார்.

எந்த முறைக்கும் பொருந்தும்படி இப்படி எழுதிப் பழகுங்கள்:

எண்ணிக்கை = காலனிகள் ÷ (நீர்ப்பு × தட்டில் விட்ட மில்லி)

உங்கள் கணக்கில் 68 ÷ (0.0001 × 0.1). கீழே வருவது 0.00001. விடை 68,00,000, அதாவது மில்லிக்கு 6.8 × 10⁶ சிஎஃப்யூ.

சூத்திரம் மறந்தாலும் காப்பாற்றக்கூடிய ஒரு வழி இருக்கிறது. விடையிலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். பாலில் மில்லிக்கு 68 லட்சம் என்றால், 1 மில்லியை 9 மில்லி நீர்மத்தில் கலந்த முதல் டியூபில் மில்லிக்கு 6,80,000. இரண்டாவதில் 68,000, மூன்றாவதில் 6,800, நான்காவதில் 680. அதில் 0.1 மில்லி எடுத்தால் 68 காலனி. தட்டில் இருந்ததும் அதுதான். உங்கள் பழைய விடையை இதே போல் நடத்திப் பார்த்தால் தட்டில் 7 காலனிகூட வராது. அரை நிமிட வேலை இது.

அதே தாளில் 10⁻⁵ தட்டில் 9 காலனி என்றும் கொடுத்திருப்பார்கள். அதையும் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள். 9 மிகக் குறைவு, இரண்டு காலனி கூடினாலும் குறைந்தாலும் விடை ஆட்டம் கண்டுவிடும். எண்ணத்தக்க வரம்பு சில புத்தகங்களில் 25–250, சிலவற்றில் 30–300. எதைப் பின்பற்றுவது என்று வினாத்தாளில் ஒரு வரி போட்டால் என்ன? எத்தனையோ முறை சொல்லியாயிற்று, யாரும் கேட்பதில்லை. அதுவரை நீங்கள் எந்த வரம்பை எடுத்தீர்கள் என்று விடைத்தாளில் எழுதிவிடுங்கள். ஆனால் அந்த 9 வேறொன்றைச் சரிபார்க்க உதவும். பத்து மடங்கு நீர்த்தால் காலனியும் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும், இங்கே 68-க்கு 9 பொருந்துகிறது. அந்தத் தட்டிலும் 60 வந்திருந்தால் பிப்பெட்டை மாற்றாமல் அடுத்த டியூபுக்குப் போயிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

டியூபில் 9-க்குப் பதில் 10 மில்லி நீர்மம் வைத்து அதில் 1 மில்லி சேர்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. அது பத்தில் ஒன்று அல்ல, பதினொன்றில் ஒன்று. நான்கு டியூப் தாண்டும்போது பத்தாயிரம் மடங்கு என்று நினைத்தது 14,641 மடங்காகிவிடும்.

அப்புறம், காலனியே இல்லாத தட்டு. பாஸ்டரைஸ் செய்த பாலை வைத்து மறுதேர்வில் இதைக் கேட்க வாய்ப்பு அதிகம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். விடை "0" அல்ல. நீங்கள் பார்த்தது அந்தத் துளியை மட்டும்தான், பால் முழுவதையும் அல்ல. நீர்த்தவற்றில் குறைவாக நீர்த்தது எது என்று பாருங்கள். 10⁻¹ டியூபிலிருந்து 0.1 மில்லி பரப்பியிருந்தால், ஒரு காலனி வந்திருந்தாலே விடை 1 ÷ (0.1 × 0.1) = 100 ஆகியிருக்கும். ஒன்றுகூட வராததால் "மில்லிக்கு 100-க்கும் குறைவு" என்று எழுத வேண்டும். அதே டியூபிலிருந்து 1 மில்லி எடுத்து அகார் ஊற்றியிருந்தால் "10-க்கும் குறைவு". நீர்க்காத பாலையே 1 மில்லி விட்டிருந்தால் "1-க்கும் குறைவு".

தட்டு வளர இரண்டு நாள் ஆகும், தேர்வோ மூன்று மணி நேரம். அதனால் எண்களை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், பிப்பெட்டைத் தொடாமலேயே பலர் தேர்வு எழுதிவிடுகிறார்கள். 0.1 மில்லி எவ்வளவு சிறிய துளி என்று கண்ணால் பார்த்தவர் அதை எளிதில் விட்டுவிட மாட்டார். ஆய்வகத்தில் அனுமதி கேட்டு, வெறும் தண்ணீரை வைத்தாவது நான்கு டியூபையும் ஒரு தடவை நீங்களே நீர்த்துப் பாருங்கள்.