பாட்டில் இறுக வேண்டிய இடம்

அன்புள்ள அண்ணா,

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. சனிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் படிக்கத் தெரியாத பெரியவர்கள். அவர்களுக்காகக் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தைப் பாட்டாகச் சுருக்கினேன். 72 சுலோகம், 36 கண்ணி. எல்லாக் கண்ணியும் 'ஆமே' என்று முடியும். மாதிரிக்கு ஒன்று:

ஆசையி னாலே நாசம் ஆமே
ஆசைவிட் டோர்க்கு ஈசன் ஆமே

விரும்பிப் பாடுகிறார்கள். ஆனால் பத்துக் கண்ணி தாண்டினால் தடுமாறுகிறார்கள், முன்னதும் பின்னதும் மாறிவிடுகிறது. மெட்டுதான் காரணமா? சினிமா மெட்டில் போட்டால் நிற்குமா? மலையாளச் சொற்களைக் கலக்கலாமா?

ம.


அன்புள்ள ம.,

படிக்கத் தெரியாதவர்களை மனதில் வைத்து ஓர் அத்தியாயம் முழுவதையும் பாட்டாக்கியிருக்கிறீர்கள். அதற்காக முதலில் ஒரு கும்பிடு. அடுத்து வருவது திட்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சினிமா மெட்டு வேண்டாம். அந்த மெட்டோடு அதன் வரிகளும் வந்து வாயில் உட்கார்ந்துகொள்ளும். மலையாளச் சொல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. பாடுகிறவர் வீட்டில் புழங்கும் சொல் என்றால் போடுங்கள். சித்தூர் தாலுக்காவில் அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது?

உங்கள் பாட்டு நிற்காததற்குக் காரணம் அந்த 'ஆமே'தான். 36 கண்ணியும் ஒரே ஓசையில் முடிந்தால் எந்தக் கண்ணிக்குப் பின் எது என்று காது எப்படிக் கண்டுபிடிக்கும்? பத்தாவதற்குப் பின் பதினேழாவதைப் பாடினாலும் ஓசை இடிக்காது. ஓசை இடிக்காத இடத்தில் பாடுகிறவருக்குத் தவறு தெரியவே தெரியாது. கூட்டமாகப் பாடும்போது யாரும் அடியின் முடிவில் தடுமாறுவதில்லை. மூச்சு வாங்கி அடுத்த அடியை எடுக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கைப்பிடி அங்கே வேண்டும். நம் பாட்டில் எதுகையும் மோனையும் அடியின் தலைப்பக்கம் இருப்பது அழகுக்கு மட்டுமில்லை. நீங்களோ இருக்கிற கயிறு முழுவதையும் கடைசியில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறீர்கள்.

என் அம்மிச்சிக்கு எழுத்து தெரியாது. களத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டே நீளநீளமாகப் பாடுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போவார், திரும்பி வந்ததும் என்னிடம், "எந்தச் சொல்லுல உட்டேன் கண்ணு?" என்று கேட்பார். எத்தனையாவது பாட்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடைசிச் சொல்லைச் சொன்னால் போதும், அதையே தலைச்சொல்லாக வைத்து அடுத்ததைத் தொடங்கிவிடுவார். நான் வேண்டுமென்றே வேறு சொல்லைச் சொன்னால், "அது அங்க இல்லியே" என்று கையை ஓங்குவார். அவர் பாடியதெல்லாம் அந்தாதித் தொடை. ஒன்றின் முடிவு அடுத்ததன் முதல். ஒரு கண்ணி விழுந்துவிட்டால் அந்த இடம் பல் விழுந்த இடம்போலக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை உங்களிடம் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் எடுத்த அத்தியாயத்திலேயே அந்தாதிக்கென்று பிறந்ததுபோல ஓர் இடம் உண்டு. நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய கண்ணி அந்த இடத்தைத்தான் பாழாக்கியிருக்கிறது. 62, 63ஆம் சுலோகங்கள். பொருள்களையே நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அவற்றில் பற்று வருகிறது, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவு தப்புகிறது, நினைவு தப்பினால் புத்தி அழிகிறது, புத்தி அழிந்தால் அவனே அழிகிறான். சமஸ்கிருதத்திலேயே ஒன்றின் பெயர் அடுத்ததன் தொடக்கமாகத்தான் வருகிறது. நீங்கள் ஆசையையும் கடைசி அழிவையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். "ஆசையினாலே நாசம்" என்பது எந்த ஊர்த் திண்ணையிலும் கிடைக்கும், அதற்குக் கீதை எதற்கு? எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஒருவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடிவதுதான் அந்த இரண்டு சுலோகத்தின் உபயோகம். கோபம் வந்துவிட்டதா, அடுத்து வரப்போவது மயக்கம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது அடி அதைவிட மோசம். 'நாசம்' என்று எழுதியாயிற்று, ஜோடிக்கு ஓர் ஓசை வேண்டும், 'ஈசன்' வந்து விழுந்துவிட்டது. 64ஆம் சுலோகம் சொல்வது என்ன? விருப்பு வெறுப்பு இல்லாமல், தன் வசப்பட்ட புலன்களோடு, பொருள்களுக்கு நடுவிலேயே நடமாடுகிறவன் மனத்தெளிவை அடைகிறான். சுலோகத்தில் வரும் 'பிரசாதம்' என்ற சொல்லுக்கு அங்கே தெளிவு என்றுதான் பொருள். ஈசன் அந்தச் சுலோகத்தில் இல்லை. பொருள்களுக்கு நடுவிலேயே நடமாடுகிறவன் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! தோட்டமும் மாடும் கடனும் உள்ள உங்கள் ஊர்க்காரருக்கு வேண்டிய அந்தச் செய்தியை ஓர் ஓசைக்காகக் கைவிட்டீர்களே. நீங்கள் தப்பாக எழுதினால் திருத்திக்கொள்ளப் பெரியவர்களிடம் புத்தகம் இல்லை. பாட்டில் இருப்பதுதான் அவர்களுக்குக் கீதை. அந்தப் பயம் உங்கள் பேனாவுக்கு இருக்க வேண்டும்.

அந்த இரண்டு சுலோகத்தைக் கும்மி மெட்டில் இப்படிப் போட்டுப் பார்த்தேன். முதல் வரிக்கு நான்கு சீர், அடுத்த வரிக்கு மூன்று சீர்.

கண்டதை யேமனம் எண்ணிக் கிடந்திடக்
கண்ட பொருளின்மேல் பற்றுவரும்

பற்று முதிர்ந்தபின் ஆசை பிறந்திடும்
பாதை மறித்தாலோ கோபம்வரும்

கோபம் எழுந்திட நல்லது கெட்டது
கூறத் தெரியா மயக்கம்வரும்

மயக்கம் வளர்ந்திட முன்னம் படித்தவை
மாறிக் குழம்பி நினைவுகெடும்

நினைவு கெடப்புத்தி நில்லா தழிந்திடும்
நேரே மனிதனும் கெட்டழிவான்

பெரிய கவிதை இல்லை, ஆனால் வேலை செய்யும். முடிவில் 'வரும்', 'கெடும்' என்று ஓசை ஒத்துப்போவது போனஸ்தான். பாட்டைத் தாங்குவது அதற்கு முன்னால் நிற்கும் சொல். பற்று, கோபம், மயக்கம், நினைவு என்று அதுதான் அடுத்த கண்ணிக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டாம் வரியின் முதல் எழுத்து முதல் வரியோடு மோனையில் நிற்கிறது. அதனால் நடுவில் மூச்சு வாங்கினாலும் பிடி விடாது.

சீர் நிரப்பப் போட்ட சொற்களையும் பாருங்கள். 'பாதை மறித்தாலோ' என்பது சுலோகத்தில் இல்லை. ஆனால் ஆசை எப்படிக் கோபமாகிறது என்பதற்குச் சங்கரர் தம் உரையில், ஏதோ ஒன்றால் தடுக்கப்படும்போது என்று சொல்கிறார். 'நல்லது கெட்டது கூறத் தெரியா' என்பதும் அந்த உரையில் உள்ளதுதான், செய்ய வேண்டியது எது, கூடாதது எது என்று பிரித்தறியாமையையே அவர் மயக்கம் என்கிறார். 'முன்னம் படித்தவை' என்பதும் அப்படியே. சாத்திரமும் ஆசிரியரும் சொல்லித்தந்ததன் நினைவைத்தான் அவர் அங்கே குறிக்கிறார். இடம் நிரப்பியாக வேண்டும் என்றால் உரையிலிருந்து நிரப்புங்கள். 'ஈசன்' மாதிரி ஓசையிலிருந்து நிரப்பாதீர்கள்.

இரண்டு சுலோகத்துக்கு ஐந்து கண்ணியா, இது சுருக்கமா என்று கேட்பீர்கள். இரண்டு சுலோகத்துக்கு ஒரு கண்ணி என்று அளந்து கொட்டினீர்களே, அதுதான் சுருக்கம் இல்லை. உங்கள் பக்கத்து மொழியிலேயே நிரணம் மாதவப் பணிக்கர் கீதையின் 700 சுலோகத்தை 328 பாட்டாக்கியிருக்கிறார். அவரே பாதிக்கும் மேல் குறைத்திருக்கிறார் என்றால், எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் பாதி. பாரதி கீதையை வசனத்தில் தந்தார், அது ஒரு சுலோகமும் விடக்கூடாத மொழிபெயர்ப்பு வேலை. சித்தூரில் சோகநாசினிக் கரையில் வாழ்ந்த எழுத்தச்சனின் ராமாயணத்தைக் கர்க்கடக மாதத்தில் வீடு வீடாகப் படிக்கிறார்களே, அதில் புத்தகம் கையில் இருக்கிறது, நீளம் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் ஆட்களின் கையில் எதுவும் இல்லை.

அதனால் 72 சுலோகத்தையும் பாட்டாக்கப் போகாதீர்கள். 54இல் அர்ஜுனன் கேட்கிறான்: தெளிந்த புத்தி உள்ளவன் எப்படிப்பட்டவன், எப்படிப் பேசுவான், எப்படி உட்காருவான், எப்படி நடப்பான்? அங்கிருந்து அத்தியாயம் முடியும்வரை 19 சுலோகம். காந்தி தம் ஆசிரமத்தின் மாலைப் பிரார்த்தனைக்கு எடுத்துக்கொண்டது இந்த 19ஐத்தான். போரையும் க்ஷத்திரிய தர்மத்தையும் நீங்கள் பஜனைக்கு முன் வாயால் கதையாகச் சொல்லிவிடலாம். முற்பகுதியிலிருந்து 47ஐ மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிலும் ஓர் எச்சரிக்கை. செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்பதில் அந்த 'இல்லை' அடியின் கடைசியில் போய் விழக்கூடாது. கூட்டம் இழுத்துப் பாடும்போது கடைசி அசை தாளத்தில் கரைந்துவிடும், பின்வரிசைக்குப் 'பலனில் உரிமை' என்றுதான் கேட்கும். 'இல்லை உரிமை பலனிலே' என்று முன்னால் தூக்கி வையுங்கள்.

பாட்டு நின்றதா என்று பார்க்க முதலிலிருந்து பாடச் சொல்லாதீர்கள். முதலிலிருந்து என்றால் வாய் தானாக ஓடும். பஜனை இல்லாத ஒருநாள், வேலையில் இருக்கிற ஓர் அம்மாவிடம் போய், "கோபம் வந்தா அப்புறம் என்னங்க?" என்று பேச்சாகக் கேளுங்கள். "மயக்கம்" என்று பதில் வந்தால் நின்றுவிட்டது. "கோபத்துக்கு முன்ன?" என்றும் கேளுங்கள். பின்னோக்கிச் சொல்லத் தெரிந்தால், கோபம் வரும்போது ஆசையைத் தேடிப் பார்க்க அவருக்கு வழி தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பாடத் தெரிந்தும் பதில் வராவிட்டால் அந்தக் கண்ணியைத் திருப்பி எழுதுங்கள். ஆளைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்து 58ஐ எழுதி அனுப்புங்கள், ஆமை எல்லாப் பக்கமும் உறுப்புகளை இழுத்துக்கொள்கிற சுலோகம். அதைத் தனியாக விட்டுவிடாமல் 59ஐயும் அந்தாதியாகக் கோத்துவிடுங்கள். பட்டினி கிடப்பவனை விட்டுப் பொருள்கள் விலகும், அவற்றின் மேலுள்ள ருசி விலகாது, பரம்பொருளைக் கண்டபின்தான் அதுவும் போகும் என்கிறது அது. ஆமையோடு நிறுத்தினால் பட்டினியே தெளிவு என்று உங்கள் ஊர் பாட ஆரம்பித்துவிடும்.

அன்புடன்.