அசிட்டிலீன் கணக்கு: எந்தச் சமன்பாட்டைத் திருப்புவது, எதைப் பாதியாக்குவது?

*சார், நான் பெரம்பூரில் பிளஸ் ஒன் படிக்கிறேன். கார்பன், ஹைட்ரஜன், அசிட்டிலீன் மூன்றும் எரியும் சமன்பாடுகளைக் கொடுத்து, அசிட்டிலீனின் உருவாதல் என்தால்பியைக் கேட்டிருந்தார்கள். எனக்கு +1526.4 வந்தது. விடை +226.8 என்று போட்டிருக்கிறது. அசிட்டிலீன் சமன்பாட்டைத் திருப்பித்தான் கூட்டினேன். எதைத் திருப்பணும், எதை எதால் பெருக்கணும்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?*

கொடுத்த சமன்பாடுகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, கேட்ட வினையை முதலில் எழுதுங்கள். இந்த வகைக் கணக்கில் பெரும்பாலான தவறுகள் அந்த ஒரு வரியை எழுதாமல் நேராகக் கூட்டலில் இறங்குவதால்தான் வருகின்றன. உருவாதல் என்தால்பி என்றால், ஒரு மோல் சேர்மம் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது ஏற்படும் என்தால்பி மாற்றம். தனிமங்கள் அவற்றின் திட்ட நிலையில் இருக்க வேண்டும். கார்பனுக்கு அது கிராஃபைட், ஹைட்ரஜனுக்கு H₂ வாயு. ஆகவே நாம் போய்ச் சேர வேண்டிய வரி இது:

```
2C(s) + H₂(g) → C₂H₂(g)    ΔH = ?
```

இந்த வினையை ஆய்வகத்தில் நடத்தி வெப்பத்தை அளக்க முடியாது. கார்பனையும் ஹைட்ரஜனையும் சேர்த்துச் சூடாக்கினால் அசிட்டிலீன் மட்டும் சுத்தமாகக் கிடைக்காது. ஆனால் மூன்றையும் தனித்தனியாக எரித்து அளப்பது சுலபம். எந்த வழியாகப் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பம் மாறாது என்று ஹெஸ் 1840-இல் சொன்னதுதான் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. உங்களிடம் இருந்தவை இவை (மதிப்புகள் கிலோஜூலில்):

```
(1) C(s) + O₂(g) → CO₂(g)                    −393.5
(2) H₂(g) + ½O₂(g) → H₂O(l)                  −285.8
(3) 2C₂H₂(g) + 5O₂(g) → 4CO₂(g) + 2H₂O(l)    −2599.2
```

இப்போது கேட்ட வரியில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் இடப்பக்கம் 2 வேண்டும். (1)-இல் அது இடப்பக்கம்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றுதான். அதனால் (1)-ஐ 2-ஆல் பெருக்குகிறோம், திருப்பவில்லை. ஹைட்ரஜன் இடப்பக்கம் 1 வேண்டும். (2)-இல் அப்படியே இருக்கிறது, கை வைக்க வேண்டாம். அசிட்டிலீன் வலப்பக்கம் 1 வேண்டும். (3)-இல் அது இடப்பக்கத்தில், அதுவும் 2 மோலாக இருக்கிறது. ஆகவே திருப்பவும் வேண்டும், பாதியாக்கவும் வேண்டும். திருப்பினால் குறி மாறும், பாதியாக்கினால் மதிப்பும் பாதியாகும்.

ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு, நீர் மூன்றையும் பற்றி இதுவரை யோசிக்கவே இல்லை, கவனித்தீர்களா? யோசிக்கவும் கூடாது. ஆக்சிஜன் மூன்று சமன்பாடுகளிலும் வருவதால், அதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே ஒரு சமன்பாட்டில் மட்டும் வரும் பொருளைப் பிடித்தால் முடிவு தானாக வரும்.

```
2C + 2O₂ → 2CO₂               −787.0
H₂ + ½O₂ → H₂O(l)             −285.8
2CO₂ + H₂O(l) → C₂H₂ + 2½O₂   +1299.6
--------------------------------------
2C + H₂ → C₂H₂                +226.8
```

இடப்பக்கம் 2½ ஆக்சிஜன், வலப்பக்கமும் 2½. CO₂ இரண்டுக்கு இரண்டு அடிபடுகிறது, நீரும் அடிபடுகிறது. இப்படி அடித்துப் பார்ப்பதுதான் உங்கள் சரிபார்ப்பு. எண்களைக் கூட்டும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

சரி, +1526.4 எங்கிருந்து வந்தது? நீங்கள் (3)-ஐத் திருப்பியிருக்கிறீர்கள், ஆனால் பாதியாக்கவில்லை. −787.0, −285.8, +2599.2 மூன்றையும் கூட்டினால் சரியாக அந்த எண்தான் வரும். உங்கள் கூட்டலில் பிழையே இல்லை. நீங்கள் கூட்டிய சமன்பாடுகள் தந்த வினை இதுதான்:

```
2C + H₂ + 2CO₂ + H₂O(l) → 2C₂H₂ + 2½O₂
```

இந்த வினைக்கு ΔH உண்மையிலேயே +1526.4 கிலோஜூல்தான். அதாவது சரியான வெப்பத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், வேறொரு வினைக்கு. பக்கத்திலேயே சமன்பாட்டையும் எழுதியிருந்தால், அடிபடாமல் நிற்கும் CO₂-உம் ஆக்சிஜனும் உடனே காட்டிக் கொடுத்திருக்கும். வினாத்தாளில் நேரம் குறைவு என்று எண்களை மட்டும் கூட்டும் பழக்கத்தை நான் ஆதரிக்காததற்கு இதுவே காரணம்.

எரிதல் மதிப்புகளுக்கு ‘வினைபடுபொருள் கழித்தல் விளைபொருள்’, உருவாதல் மதிப்புகளுக்கு ‘விளைபொருள் கழித்தல் வினைபடுபொருள்’ என்று மனப்பாடமாகச் சொல்லித் தருவார்கள். இரண்டும் சரியே. ஆனால் தேர்வு அறையில் எது எதற்கு என்று மாறிப்போவது சகஜம். மேலே செய்ததுபோல் எழுதினால் அந்த மனப்பாடமே தேவைப்படாது.

இன்னொரு இடத்தில் கண்ணை வையுங்கள்: H₂O-வுக்குப் பக்கத்தில் இருக்கும் (l), (g). ஹைட்ரஜன் எரிவதற்குச் சில கணக்குகளில் −241.8 கொடுத்திருப்பார்கள். அது நீராவி உண்டாகும்போது கிடைக்கும் மதிப்பு. அதை இங்கே போட்டால் விடை +270.8 ஆகிவிடும். உண்மை விடைக்கும் இதற்கும் இடைவெளி 44.0, ஒரு மோல் நீர் 25 டிகிரியில் ஆவியாகத் தேவையான வெப்பம் அது. ஆவியும் நீரும் ஒன்றையொன்று அடிக்காது. அப்படிக் கொடுத்திருந்தால் H₂O(g) → H₂O(l), −44.0 என்று நான்காவதாக ஒரு சமன்பாட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விடை நேர்க்குறியில் வந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வெல்டிங் பட்டறைகளில் மெரூன் நிறத்தில் நிற்கும் டிஏ சிலிண்டரைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது அசிட்டிலீன்தான், ஆனால் வெறும் வாயுவாக அழுத்தி அடைத்ததில்லை. உள்ளே நுண்துளைப் பொருள் நிரப்பி, அதில் ஊறிய அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைத்திருப்பார்கள். அசிட்டிலீன் மறுபடியும் கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்தால் மோலுக்கு 226.8 கிலோஜூல் வெளிவரும்; அதற்கு ஆக்சிஜன்கூட வேண்டாம். அழுத்தத்தில் அடைத்த வாயு வெடிக்கும் ஆபத்து அதனால்தான். எதிர்க்குறியில் விடை வந்திருந்தால், அதுதான் தவறு என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

அப்புறம், வேறு புத்தகத்தில் 226.7 என்றோ 227.4 என்றோ பார்த்தால் உங்கள் கணக்கைத் திருத்தப் போகாதீர்கள். பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்கிறோம். 1299.6-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 1.3 கிலோஜூல் ஆகிறது, அது முழுசாக விடையில் போய் உட்காரும். தேர்வில் வினாவில் கொடுத்த மதிப்புகளை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள்.