62,000 வெள்ளி எங்கிருந்து வந்தது?

"ஐயா, நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பேக்டரியில் கிராணி வேலை. 2023-இல் வீடு வாங்க 62,000 வெள்ளியை ஒரே நாளில் பேங்கில் ரொக்கமாகப் போட்டேன். என் சம்பளத்துக்கு இது எப்படி வந்தது என்று இப்போது வருமான வரி வாரியம் கடிதம் அனுப்பியிருக்கிறது. 41,000 தோட்டத்தில் வேலை செய்த அப்பாவின் இபிஎஃப் பணம், 13,000 அம்மாவின் நகை விற்றது, 8,000 சனி ஞாயிறில் நான் சமைத்துக் கொடுத்த ஆர்டர் பணம். எல்லாம் அப்பா கொடுத்ததென்று எழுதிவிடலாமா?"

எழுத வேண்டாம், அம்மா. அப்பா எப்போது எவ்வளவு எடுத்தார் என்பது இபிஎஃப் கணக்கறிக்கையில் இருக்கும். அதோடு உங்கள் கதை ஒத்துப்போகாவிட்டால், உண்மையான 41,000-ஐயும் நம்ப மாட்டார்கள்.

மூன்று தொகையையும் தனித்தனியாக எழுதுங்கள். அப்பா மகளுக்குக் கொடுத்த பணம் வருமானம் ஆகாது. ஆனால் அவர் எடுத்த தேதிக்கும் நீங்கள் பேங்கில் போட்ட தேதிக்கும் நடுவில் பணம் எங்கே இருந்தது என்பதுதான் அதிகாரியின் கேள்வி. அப்பா 2020-இல் 56,000 எடுத்து, வீட்டுக் கூரைக்கு 15,000 செலவழித்து, மீதியை வீட்டிலேயே வைத்திருந்தார் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். இபிஎஃப் அறிக்கை, பேங்கில் ரொக்கமாக எடுத்த பக்கம், கூரை வேலைக்கான ரசீது மூன்றையும் இணையுங்கள். அப்பா சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட அறிக்கையும் உதவும். அது ஆவணங்களுக்குத் துணைதான், தனியாக நிற்காது.

நகை விஷயம் சுருக்கமானது. வீட்டு நகையை விற்ற பணம் வியாபார வருமானம் இல்லை. நகைக்கடை கொடுத்த ரசீதில் தேதியைப் பாருங்கள். பேங்கில் போட்ட நாளுக்குப் பின் விற்றிருந்தால் அந்த விளக்கம் அங்கேயே விழுந்துவிடும்.

சமையல் ஆர்டர் பணம்தான் கவனிக்க வேண்டியது. அது வருமானம், ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் 8,000 என்பது உங்கள் கையில் மிஞ்சியது மட்டும். வாரியம் கேட்பது அந்தந்த ஆண்டின் மொத்த விற்பனை; அதிலிருந்து அரிசி, கோழி, கேஸ் செலவைக் கழித்து வரும் லாபத்துக்குத்தான் வரி. இரண்டு ஆண்டுகளில் சேர்ந்திருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். சம்பளத்துக்கான பிஇ பாரத்தில் இது விடுபட்டது என்று சொல்லி, வாட்ஸ்அப் ஆர்டர்களையும் கடை ரசீதுகளையும் வைத்து ஒரு கணக்கு எழுதிக் கொடுங்கள். அபராதம் வரலாம், வருமான வரிச் சட்டத்தின் 113(2)-ஆம் பிரிவின்படி குறைத்துக் காட்டிய வரிக்குச் சமமான தொகைவரை போகும். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் 114-ஆம் பிரிவின் குற்ற வழக்கு வரை போகலாம்.

கடிதத்தில் உள்ள கெடுவுக்குள் ஆவணம் கிடைக்காவிட்டால், கெடு முடியுமுன் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். விளக்கத்தை ஏற்காமல் கூடுதல் வரி நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் கியூ பாரத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். மேல்முறையீடு நடந்தாலும் அந்த வரியைக் கட்டியே ஆக வேண்டும்; வரி கூடுதல் என்று நிரூபிப்பதும் உங்கள் பொறுப்புதான். அதனால் இப்போது அனுப்பும் ஒவ்வொரு தாளின் நகலையும் அனுப்பிய அத்தாட்சியையும் வைத்திருங்கள்.