கிளிப்புக்கு 300 ரூபாய்: அதில் எதெல்லாம் அடக்கம்?

கேள்வி: பழைய சினிமா தொழில்நுட்பக் கலைஞர்களைப் பேட்டி எடுத்துப் போடும் சின்ன யூடியூப் சேனல் வைத்திருக்கிறேன். 70 நிமிடப் பேட்டியை 20 ஷார்ட்ஸாக வெட்டித் தர, கிளிப்புக்கு 300 ரூபாய் என்று ஒரு எடிட்டர் கேட்கிறார். மொத்தப் பணமும் முன்னாடியே வேண்டுமாம். நடுவில் படக்காட்சி, பின்னணியில் சினிமாப் பாட்டு எல்லாம் சேர்த்துத் தருவாராம், பத்து செகண்டுக்குள் இருந்தால் காப்பிரைட் வராது என்கிறார். தன் சேனலிலும் அந்த கிளிப்புகளைப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: பணத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த பத்து செகண்ட் பேச்சை நம்பாதீர்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் இத்தனை செகண்ட் வரை எடுக்கலாம் என்று எந்தக் கணக்கும் கிடையாது. பிரிவு 52-ல் விமர்சனம், திறனாய்வு, நடப்புச் செய்தி போன்றவற்றுக்காக நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்றுதான் இருக்கிறது. எதற்காக எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்பதை வைத்துத்தான் அது தீர்மானமாகும்.

உங்கள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். முழுப் பேட்டியில் ஒளிப்பதிவாளர் ஒரு காட்சியை எப்படி எடுத்தார் என்று ஐந்து நிமிடம் விளக்குகிறார், நடுவில் அந்தக் காட்சி 15 செகண்ட் ஓடுகிறது என்று வையுங்கள். அங்கே காட்சிக்கு ஒரு வேலை இருக்கிறது, திறனாய்வு என்று நீங்கள் சொல்ல இடம் உண்டு. அதையே 25 செகண்ட் கிளிப்பாக வெட்டும்போது எடிட்டர் என்ன செய்வார்? பேச்சைச் சுருக்கிவிட்டுக் காட்சியை வைத்துக்கொள்வார், ஏனென்றால் பார்க்கிறவர்களை நிறுத்துவது அதுதான். விளக்கம் போய்விட்டது, மிச்சம் இருப்பது வேறொருவருடைய படம். நீளமான வீடியோவில் பிரச்சினை வராத அதே காட்சி கிளிப்பில் மாட்டுவது இப்படித்தான். அதனால் படக்காட்சி வேண்டாம், பேசுகிறவர் முகமும் அவரிடமே இருக்கும் படப்பிடிப்புப் புகைப்படங்களும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் புகைப்படத்துக்கும், யார் எடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டு விஷயத்தில் பலர் ஏமாறுவது வேறு மாதிரி. யூடியூப் ஆப்பிலேயே ஷார்ட்ஸ் போடும்போது அங்கிருக்கும் பட்டியலிலிருந்து பாட்டைச் சேர்த்தால் அதற்கு யூடியூப் உரிமம் வாங்கி வைத்திருக்கிறது. எடிட்டர் தன் கணினியில் பாட்டைச் சேர்த்து ஒரே ஃபைலாகக் கொடுத்தால் அந்த உரிமம் இதற்கு வராது. பதிவேற்றும் வீடியோவில் அடுத்தவர் பாட்டு இருக்கிறதா என்று தானாகவே தேடும் யூடியூப்பின் Content ID அதைக் கண்டுபிடித்து, உரிமையாளர் பெயரில் கிளெய்ம் போடும். கிளெய்ம் என்பது ஸ்ட்ரைக் இல்லை, பெரும்பாலும் வருமானம்தான் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். ஆனால் ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போகலாம் அல்லவா, ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் கிளெய்ம் விழுந்தால் அது உலகம் முழுக்க முடக்கப்படும். உரிமையாளர் நேரடியாக நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தால்தான் ஸ்ட்ரைக், 90 நாட்களுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். எடிட்டர் செய்த தப்பு என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், ஸ்ட்ரைக் விழுவது உங்கள் சேனலில்தான். எனவே பாட்டில்லாத ஃபைலாக வாங்குங்கள், Private-ஆக ஏற்றி Checks என்ற கட்டத்தில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு, அந்த கிளிப்புக்கான மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

சரி, இப்போது பணம். 20 கிளிப்புக்கு 6,000 ரூபாய். 70 நிமிடப் பேட்டியில் தனியாகப் பார்த்தாலும் புரிகிற, தொடக்கமும் முடிவும் உள்ள இடங்கள் 20 தேறுமா? பேட்டியை நீங்களே ஒருமுறை ஓடவிட்டு, நேரத்தைக் குறித்துப் பட்டியல் போடுங்கள்: 12:40-லிருந்து 13:25 வரை, மழைக்காட்சிக்கு விளக்கு வைத்த கதை, இப்படி. எட்டு தேறுகிறது என்று வையுங்கள். எட்டுக்கு 450 வீதம் கொடுத்தாலும் 3,600 ரூபாய்தான், எடிட்டரும் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் நேரம் கொடுக்க முடியும். எண்ணிக்கையைக் கூட்டுவதில் லாபம் அவருக்கு, உங்களுக்கு இல்லை. எந்த இடம் என்று அவரே தேட வேண்டுமானால் 70 நிமிடமும் அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதற்கு அவர் கூடுதலாகக் கேட்பது நியாயம்தான், ஆனால் அதைத் தனித் தொகையாகப் பேசுங்கள்.

அந்த 300-ல் என்ன அடங்கும் என்பதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். செங்குத்து அளவுக்கு மாற்றும்போது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் பேசுகிறவர் பக்கம் ஒவ்வொரு முறையும் ஃப்ரேமை நகர்த்த வேண்டும், நேரம் தின்னும் வேலை அது. தமிழில் எழுத்து போடுவது, அதைப் பிழை பார்ப்பது யார் பொறுப்பு, எத்தனை முறை திருத்தம் இலவசம் (இரண்டு என்று பேசலாம்), எழுத்து இல்லாத சுத்தமான ஃபைலும் கூடவே வருமா? கடைசியாகச் சொன்னது அவசியம் வேண்டும், நாளைக்கு ஒரு பெயரில் பிழை என்றால் முதலிலிருந்து வெட்ட வேண்டியிருக்கும். முழு முன்பணம் வேண்டாம். முதலில் மூன்று கிளிப், பாதி முன்பணம், மீதி Checks-ல் பார்த்த பிறகு. பணம் போனபின் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று நினைத்தால், வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு அங்கே வாதாடும்.

அவர் சேனலில் போடுவது பற்றி: நீங்கள் கேட்டதற்காக, கூலி வாங்கிக்கொண்டு எடுத்துத் தரும் வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பிரிவு 17-ன்படி முதல் உரிமையாளர் நீங்கள்தான். ஆனாலும் கிளிப்பின் உரிமை உங்களுடையது என்று ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது. அவருக்கு அனுமதி கொடுக்க விரும்பினால் எழுத்தில், கையெழுத்தோடு, எந்த கிளிப், எந்தத் தளம், எத்தனை மாதம் என்று சொல்லிக் கொடுங்கள். நான் கொடுக்க மாட்டேன். உங்கள் கிளிப்புகள் இரண்டு இடத்தில் ஓடினால் முழுப் பேட்டிக்கு வர வேண்டியவர்கள் சிதறிப்போவார்கள், வருமானம் அவருக்குப் போகும், அதே சமயம் உங்களிடம் கூலியும் வாங்குகிறார். அவர் வேலையைக் காட்டிக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டு கிளிப் போதும், முழுப் பேட்டியின் இணைப்போடு.

நீங்கள் கேட்காத ஒன்று. பேட்டி கொடுத்தவரிடம் கிளிப்பாக வெட்டப் போகிறோம் என்று சொன்னீர்களா? 'அந்த இயக்குநர் கோபக்காரர்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா என்கிட்ட ஒருநாளும் அப்படி நடந்துக்கிட்டதில்லை' என்று பெரியவர் சொன்னதை 'சொல்வாங்க' என்ற இடத்திலேயே வெட்டினால், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் திணித்ததாகிவிடும். ஒவ்வொரு கிளிப்பையும் மூலத்தில் அதற்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சரிபாருங்கள், வெளியிடும் முன் அவருக்கும் அனுப்பிக் காட்டுங்கள். வயதானவர்கள், இந்த வெட்டால் பழைய நட்பு முறியக்கூடாது.

எடிட்டருக்கு சேனல் பாஸ்வேர்டு தேவையே இல்லை. அவரே ஏற்ற வேண்டுமென்றால் YouTube Studio-வில் Settings, Permissions போய் Editor (Limited) என்று சேருங்கள், வருமானக் கணக்கு அவர் கண்ணில் படாது, வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.