உலோகம் எப்போது ஒளியை உள்ளே விடும்? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கண்ணாடி வழியா வெளிச்சம் போகுது. உலோகத் தகடு வழியா மட்டும் ஏன் போக மாட்டேங்குது? அது பளபளன்னு வேற இருக்கே, ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இரண்டும் ஒரே நிகழ்வுதான்.

ஒளி என்பது திசை மாறி மாறித் தள்ளும் ஒரு மின்புலம். கண்ணாடியில் எலக்ட்ரான்கள் தத்தம் அணுவோடு இறுகக் கட்டுண்டவை. ஒளி தள்ளினால் லேசாக அசைந்துவிட்டு அங்கேயே நிற்கும், ஒளியும் கொஞ்சம் வேகம் குறைந்து கடந்து போய்விடும். உலோகத்திலோ அணு ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அவற்றைப் பிடித்து வைக்க ஆளில்லை. ஒளி பட்டதும் பெருங்கூட்டமாக ஆடுகின்றன. ஆடும் மின்னூட்டம் தானே ஒரு புது அலையை எழுப்பும். அந்தப் புது அலை உலோகத்துக்குள் வந்த ஒளிக்கு நேர் எதிராக நின்று அதை அழித்துவிடுகிறது. அதே ஆட்டம் வெளிப்பக்கமாக அனுப்பும் அலைதான் நம் கண்ணுக்கு வரும் பளபளப்பு.

கேள்வி: எலக்ட்ரான்கள் ஒளியை விழுங்கித் திரும்ப உமிழ்கின்றன, விழுங்குவதால்தான் மறுபக்கம் தெரிவதில்லை என்று படித்திருக்கிறேன். நீங்கள் சொல்வதும் அதுதானே?

பாதி சரி. எலக்ட்ரான்கள் ஆடித் திரும்ப அனுப்புகின்றன என்பதில் தவறில்லை. ஆனால் 'விழுங்குவதால்' என்ற சொல்லில்தான் சிக்கல். விழுங்கிய ஒளி வெப்பமாகிவிடும், திரும்பி வராது. நன்றாக விழுங்கும் பொருள் கறுப்பாகத்தான் இருக்கும், கரியைப் போல. உலோகம் மறைப்பது ஒளியைத் தின்பதால் அல்ல, உள்ளே நுழைய விடாததால்.

சோடியத்தில் பச்சை ஒளி சுமார் 36 நானோமீட்டர் ஆழம் போவதற்குள் அதன் பிரகாசம் ஏழில் ஒரு பங்காகிவிடும். அது ஏறக்குறைய நூறு அணு அடுக்குதான். அப்படிக் குறைந்த ஒளியில் மிகப் பெரும்பகுதி தொலைந்து போகவில்லை, வந்த வழியே திரும்பியிருக்கிறது.

கேள்வி: முன்பு கேட்டவன்தான். அப்படியென்றால் வெயிலில் கிடக்கும் அலுமினியத் தகடு ஏன் சுடுகிறது?

நல்ல மறுப்பு. ஆடும் எலக்ட்ரான்கள் இடையிடையே அதிரும் அணுக்களோடு மோதும். மோதும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகும். அலுமினியம் கண்ணுறு ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, மீதிதான் சூட்டுக்குப் போகிறது. நீங்கள் சொன்ன விழுங்கல் அந்த மீதியில் இருக்கிறது.

கேள்வி: பிளாஸ்மா அதிர்வெண் என்கிறார்களே, அதை ஒரு உலோகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா? சமன்பாடு அதிகம் வேண்டாம்.

சோடியத்தை எடுப்போம். அணுவுக்கு ஒரே ஒரு கட்டற்ற எலக்ட்ரான், எண்ணுவது சுலபம்.

முதலில் அந்த அதிர்வெண் எதனுடையது என்று பார்த்துவிடலாம். எலக்ட்ரான் கூட்டம் முழுவதையும் ஒரு பக்கமாகச் சற்றே நகர்த்திவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விட்டுவந்த நேர்மின் அயனிகள் அவற்றை இழுக்கும். திரும்பி ஓடிவரும் கூட்டம் நின்ற இடத்தையும் தாண்டி மறுபக்கம் போகும், மறுபடி இழுபடும். பாத்திரத்துத் தண்ணீர் அலம்புவது போன்ற இந்த ஆட்டத்துக்கு ஓர் இயல்பான வேகம் உண்டு. கூட்டம் நெருக்கமாக இருந்தால் இழுப்பு பலமாகும், ஆட்டமும் வேகமாகும்.

ஒளியின் அதிர்வெண் இதைவிடக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு தள்ளலிலும் எலக்ட்ரான்கள் ஒளியை அழிக்கப் போதுமான தூரம் நகர நேரம் கிடைக்கும். அதிகமாக இருந்தால், அந்த அளவு நகர்வதற்குள் தள்ளும் திசையே மாறிவிடும். அழிக்கும் அலை வலுவாக எழாது, ஒளி உள்ளே புகுந்து போய்விடும்.

சரி, எண்களுக்கு வருவோம். ஒரு கன மீட்டர் சோடியம் 970 கிலோ. 23 கிராமில் 6.02 × 10²³ அணுக்கள். வகுத்துப் பெருக்கினால் ஒரு கன மீட்டரில் 2.54 × 10²⁸ எலக்ட்ரான்கள். இந்த எண்ணை n என்று வைத்தால்,

f = 9√n

என்பதே ஹெர்ட்ஸில் பிளாஸ்மா அதிர்வெண். வருவது சுமார் 1,430 லட்சம் கோடி. பச்சை ஒளியின் அதிர்வெண் 545 லட்சம் கோடிதான். ஆகவே கண்ணுறு ஒளி முழுவதும் எல்லைக்குக் கீழே மாட்டிக்கொள்கிறது, சோடியம் வெள்ளி போல மின்னுகிறது. எல்லையை அலைநீளமாக மாற்றினால் ஏறக்குறைய 210 நானோமீட்டர், அதாவது புற ஊதா. 1933இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் சோடியப் படலத்தின் மீது புற ஊதாவைச் செலுத்திப் பார்த்தார். அது ஒளியை விடத் தொடங்கிய இடம் 210 நானோமீட்டர்! இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு பொருந்துவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம். பொட்டாசியத்துக்கு அத்தனை பொருத்தமில்லை: கணக்கில் 287, சோதனையில் 315.

கேள்வி: மேடம், என் தொலைநோக்கி ஆடியில் வெள்ளி பூசியிருந்தேன். சில மாதத்தில் பழுப்பாகி இப்போது ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. காலப்போக்கில் கட்டற்ற எலக்ட்ரான்கள் தீர்ந்து போகுமா?

தீராது. மிச்சமுள்ள வெள்ளி அப்படியேதான் இருக்கும், மேற்பரப்புதான் வேறு பொருளாக மாறியிருக்கிறது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகும். அது ஒரு குறைகடத்தி. அதில் கட்டற்ற எலக்ட்ரான்கள் அவ்வளவு கிடையாது, அது நிஜமாகவே ஒளியை விழுங்கும். ஓரத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் மெருகேற்றிப் பாருங்கள். அடியில் பளபளப்பு வந்தால் வெள்ளி மிச்சம் இருக்கிறது. முழு ஆடியையும் தேய்த்துவிடாதீர்கள், பூச்சு மிக மெல்லியது.

கேள்வி: வெள்ளியிலும் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்று வைத்து உங்கள் சூத்திரத்தைப் போட்டேன், 138 நானோமீட்டர் வருகிறது. ஆனால் அளந்த வளைவுகளில் 320ஐ ஒட்டியே பிரதிபலிப்பு சரிந்துவிடுகிறதே?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கட்டற்ற எலக்ட்ரான்கள் தனியாக இல்லை. வெள்ளியில் அவற்றுக்கு அடியில் 4d எலக்ட்ரான்கள் இருக்கின்றன. இவை அணுவோடு கட்டுண்டவை, ஆனாலும் மின்புலத்துக்கு வளைந்து கொடுக்கும். அந்த வளைவு, கூட்டத்தைத் திரும்ப இழுக்கும் விசையைத் தளர்த்துகிறது. அலம்பல் மெதுவாகி எல்லை 325 நானோமீட்டர் பக்கம் இறங்கிவிடுகிறது. அதைத் தாண்டியதுமே 4d எலக்ட்ரான்கள் ஒளியை விழுங்கத் தொடங்குவதால் திறக்கும் ஜன்னலும் குறுகியதே. ஆய்வகத்தில் மிக மெல்லிய வெள்ளிப் படலத்தை விளக்குக்கு முன் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஊடே வரும் வெளிச்சம் நீலமாக இருக்கும். அந்த ஜன்னலுக்கு அருகில் இருக்கும் நிறம் அல்லவா!

கேள்வி: அப்ப சோடியத்தை நல்லா அழுத்தினா எலக்ட்ரான் நெருக்கம் கூடும், எல்லையும் மேலே போகும், இன்னும் பளபளக்கும். சரியா?

சூத்திரம் அப்படித்தான் சொல்கிறது. ஐந்து மடங்கு நெருக்கினால் அதிர்வெண் இரண்டே கால் மடங்காக வேண்டும். ஆனால் 2009இல் வெளியான சோதனையில், இரு வைர முனைகளுக்கு நடுவே சுமார் 200 கிகாபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது வளிமண்டலத்தைப் போல ஏறக்குறைய 20 லட்சம் மடங்கில், சோடியம் கண்ணுறு ஒளியையே உள்ளே விட்டது. அணுக்கள் நெருங்கி உள் எலக்ட்ரான்கள் முட்டிக்கொள்ள, வெளி எலக்ட்ரான்கள் அணுக்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் போய் அடைபட்டுவிட்டன. n கூடியது, ஆனால் அவை கட்டற்றவையாக இல்லை. சூத்திரத்தில் போட அப்படி ஓர் n மிச்சமில்லை.

கேள்வி: அப்படியானால் அந்த நிலையில் அதைச் சோடிய உலோகம் என்று சொல்லலாமா?

நான் சொல்ல மாட்டேன். தனிமவரிசையில் அதன் இடத்தைப் பார்த்து உலோகம் என்றே அழைப்பவர்களும் உண்டு, அவர்களோடு இதில் எனக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை.